அத்தியாயம் 6: வரும்போதே இருந்த படுக்கைப்புண்ணைப் பதிவு செய்யும் முறை

பெரும்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர், தாம்பரம் சுற்றுவட்டாரத்து மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நம் வார்டுக்கு வரும் படுத்த படுக்கையான நோயாளிகளில் பலர் நேரே வீட்டிலிருந்து வருவதில்லை. பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்து, முதலில் அருகிலுள்ள நர்சிங் ஹோமில் சில நாள் படுத்திருந்து, அங்கே முடியாதபோது பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறார்கள். பெரும்பாக்கத்தில் கிளெனீகிள்ஸ் ஹெல்த் சிட்டி போன்ற பன்னோக்கு மருத்துவமனை இருப்பதால் தொலைவிலிருந்தும் மாறி வருபவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாதக்கணக்கில் கட்டிலோடு கிடந்த முதியவர்கள் காய்ச்சல் முற்றியபின் 108 வண்டியில் வருகிறார்கள். லிஃப்ட் ஓடாத நேரத்தில் அவர்களைப் போர்வையில் தூக்கியும் நாற்காலியில் உட்காரவைத்தும்தான் கீழே இறக்குகிறார்கள். அந்த இழுப்பிலும் உராய்விலும்கூட இடுப்புத் தோல் உரியும்.

இவர்களில் யாருக்கு வரும்போதே புண் இருந்தது, யாருக்கு நம்மிடம் வந்தபின் வந்தது என்பதை முதல் சில மணி நேரத்து எழுத்துதான் சொல்லும். அந்த எழுத்தில் என்ன இருக்க வேண்டும், எந்த வரிசையில் எழுத வேண்டும், எங்கே தவறு நேர்கிறது என்பதை ஒரு நோயாளியை வைத்தே இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

இந்தப் பதிவை யாரெல்லாம் படிப்பார்கள்

முதலில் படிப்பவர் மருத்துவமனையின் தர மேலாண்மைப் பிரிவு. என்ஏபிஎச் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் படுக்கைப்புண் ஒரு தரக் குறியீடு. புதிதாகப் புண் வந்த நோயாளிகளோடு, ஏற்கெனவே இருந்த புண் மோசமானவர்களையும் சேர்த்து எண்ணி, மொத்த நோயாளி நாட்களால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குவார்கள். இதில் 'மோசமானவர்களையும் சேர்த்து' என்பதைக் கவனியுங்கள். 'வரும்போதே புண் இருந்தது' என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. எந்த நிலையில், என்ன அளவில் இருந்தது என்று எழுதாவிட்டால், பத்து நாள் கழித்து அது மோசமானதா, அப்படியே இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவதாகப் படிப்பவர் நுகர்வோர் ஆணையமாக இருக்கலாம். கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. இப்போதுள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு வரை புகார் கொடுக்கலாம். அதற்குள் அந்த இரவு டூட்டியில் இருந்த சிஸ்டர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போயிருப்பார். பேச மிஞ்சுவது கேஸ் ஷீட் மட்டுமே.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பணத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது. 2008 அக்டோபர் 1 முதல், மருத்துவமனையில் சேர்ந்தபின் உண்டான மூன்றாம், நான்காம் நிலைப் படுக்கைப்புண்ணுக்கான கூடுதல் தொகையை மெடிகேர் தருவதில்லை. அதனால் அங்கே ஒவ்வொரு நோயும் சேர்க்கையின்போதே இருந்ததா என்று தனியாகக் குறிக்கிறார்கள். புண்ணின் நிலையைச் செவிலியர் எழுதியதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். புண் இருக்கிறது என்ற நோயறிதலை மருத்துவர்தான் எழுத வேண்டும். இந்த இரட்டைப் பதிவு நமக்கும் நல்ல வழக்கம். செவிலியர் ஒன்றும் மருத்துவர் ஒன்றும் எழுதாமல் இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் பதிவை அசைப்பது கடினம்.

எடுத்துக்காட்டு நோயாளி

இவர் பாடத்துக்காக உருவாக்கிய நோயாளி. எந்த மருத்துவமனையையும் குறிப்பதன்று. வயது 68. பக்கவாதத்தால் இடது கை, கால் செயலிழந்தவர். வேறொரு மருத்துவமனையில் 6 நாள் இருந்துவிட்டு, இரவு 10.40க்குத் தனியார் ஆம்புலன்ஸில் நம் கேஷுவால்டிக்கு வருகிறார். மூக்கில் ரைல்ஸ் டியூப், சிறுநீர் கதீட்டர், டயப்பர். கூட வந்திருப்பவர் மருமகள். 11.30க்கு வார்டுக்கு மாற்றுகிறார்கள்.

முதல் சிக்கல் வார்டுக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. கேஷுவால்டி படிவத்தில் 'தோல்' என்ற கட்டத்தில் 'நலம்' என்று ஒரு டிக் இருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆக்ஸிஜன் என்று ஓடும் அந்த அரை மணி நேரத்தில் யாரும் நோயாளியைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். முன்பக்கத்தைப் பார்த்துப் போட்ட டிக் அது. ஒரு மணி நேரம் கழித்து வார்டு சிஸ்டர் முதுகின் அடியில் புண் இருப்பதாக எழுதினால், காகிதத்தின்படி அந்தப் புண் நம் கட்டடத்துக்குள் உண்டானதாகிவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடுவது இந்த முரண்பாட்டைத்தான்.

இதற்கு வழி எளிது. திருப்பிப் பார்க்க முடியாத நிலையில் கேஷுவால்டியில் இருப்பவர் டிக் போடக் கூடாது. 'முதுகு, பிட்டம், குதிகால் பார்க்கப்படவில்லை. நோயாளி நிலைப்பட்டதும் வார்டில் பார்க்கப்படும்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி உண்மை. பின்னால் வரும் வார்டு பதிவோடு அது மோதாது.

பார்க்கும் முறை

வார்டுக்கு வந்ததும், படுக்கையில் வசதியாகக் கிடத்தி டயப்பர் மாற்றுவதற்கு முன்பே தோல் பரிசோதனையை முடித்துவிடுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் என்பதை உங்கள் மருத்துவமனை விதி சொல்லும். ஆனாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு வலு. இரண்டு பேர் சேர்ந்து பாருங்கள். ஒருவர் நோயாளியைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் டார்ச் வைத்துப் பார்க்கட்டும். இருவர் கையெழுத்தும் பதிவில் இருக்கட்டும்.

தலையின் பின்பக்கத்தில் தொடங்கி, காது, தோள்பட்டை எலும்பு, முழங்கை, முதுகின் அடி எலும்பு, இடுப்பின் இரு பக்கம், உட்காரும் எலும்பு, முழங்காலின் உட்பக்கம், கணுக்கால், குதிகால் என்று வரிசையாக வாருங்கள். ரைல்ஸ் டியூப் உரசும் மூக்கு ஓரத்தையும், கதீட்டர் அழுத்தும் தொடையையும், ஆக்ஸிஜன் மாஸ்க்கின் நாடா படும் காதின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். கருவி அழுத்தியும் புண் வரும்.

பழைய மருத்துவமனையில் போட்ட டிரெஸ்ஸிங் இருந்தால் அதைப் பிரிக்கும் முன் ஒரு கணம் நில்லுங்கள். அது எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, நனைந்திருக்கிறதா, மேலே தேதி எழுதியிருக்கிறதா என்று குறியுங்கள். முந்தைய நாள் தேதியோடு முதுகின் அடியில் ஒட்டிய டிரெஸ்ஸிங்கே புண் முன்னமே இருந்ததற்குச் சான்று. அதைக் கழற்றிக் குப்பையில் போட்டபின் எழுத முடியாது.

நம் ஊர் தோலில் ஒரு சிரமம் உண்டு. முதல் நிலைப் படுக்கைப்புண்ணைப் பாடப்புத்தகம் 'அழுத்தினால் வெளுக்காத சிவப்பு' என்று சொல்கிறது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அங்கே கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். எலும்பு மேட்டின் மேல் விரலை வைத்து, பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, கல்போல் இறுகியிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் நோயாளி முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். உணர்ந்ததை உணர்ந்தபடியே எழுதுங்கள்: 'வலது இடுப்பு எலும்பின் மேல் தோல் முழுமையாக உள்ளது, சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பு, சூடு, இறுக்கம்'.

டயப்பர் ஈரத்தில் வெந்துபோன தோலையும் படுக்கைப்புண் என்று எழுதிவிடாதீர்கள். ஈரப்புண் பெரும்பாலும் பிட்டத்தின் மடிப்பிலும் சதையின் மேலும் திட்டுத் திட்டாக, ஓரம் தெளிவில்லாமல் பரவியிருக்கும். அழுத்தப்புண் எலும்பு மேட்டின் மேல், ஓரம் தெளிந்து இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அளப்பதும் எழுதுவதும்

நம் நோயாளிக்கு இரண்டு இடத்தில் புண். முதுகின் அடி எலும்பின் மேல் திறந்த புண் ஒன்று. இடது குதிகாலில், தோல் கிழியாமல், ஊதா கலந்த கறுப்புத் திட்டு ஒன்று.

முதலில் திறந்த புண். சலைனால் கழுவியபின் அளக்க வேண்டும். கழிவு ஒட்டியிருக்கும்போது அளந்தால் ஓரம் தெரியாது. தலைப் பக்கம் 12 மணி, கால் பக்கம் 6 மணி என்று புண்ணை ஒரு கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். 12இலிருந்து 6 வரை நீளம், 3இலிருந்து 9 வரை அகலம். ஆழத்தைக் கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியை நேராக இறக்கி, தோல் மட்டத்தில் விரலால் பிடித்து, அளவுகோலில் வைத்துப் பாருங்கள். தோலின் ஓரத்துக்கு அடியில் குச்சி உள்ளே நுழைகிறதா என்று கடிகாரச் சுற்றில் தேடுங்கள். நுழைந்தால் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். நோயாளியை எந்தப் பக்கம் திருப்பி வைத்து அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். படுக்கும் விதம் மாறினால் பிட்டத்துத் தோல் இழுபட்டு அளவும் மாறும்.

நம் கேஸ் ஷீட்டுகளில் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். பொருள் விளங்குவதற்காக இங்கே தமிழில் தருகிறேன்:

> இரவு 11.45. வார்டில் சேர்ந்த 15ஆம் நிமிடம். வலது பக்கம் திருப்பிப் பார்க்கப்பட்டது. முதுகின் அடியில் பழைய டிரெஸ்ஸிங், நனைந்த நிலை, தேதி எழுதப்படவில்லை. பிரித்து, சலைனால் கழுவியபின்: புண் 4.2 × 3.1 செ.மீ., ஆழம் 0.8 செ.மீ. 2 மணி முதல் 4 மணி வரை தோலுக்கு அடியில் 1 செ.மீ. குடைவு. அடிப்பகுதியில் முக்கால் பங்கு சிவப்புத் திசு, கால் பங்கு மஞ்சள் கழிவு. கொழுப்பு தெரிகிறது, எலும்பு, தசை தெரியவில்லை. கசிவு மிதமானது, மஞ்சள் நிறம், துர்நாற்றம் இல்லை. சுற்றுத்தோல் வெளுத்து ஊறியுள்ளது. மூன்றாம் நிலை.
>
> இடது குதிகாலின் பின்பக்கம்: தோல் கிழியவில்லை. 2.5 × 2 செ.மீ. ஊதா கலந்த கறுப்பு. அழுத்தினால் நிறம் மாறவில்லை. கொழகொழப்பு, வலது குதிகாலைவிடக் குளிர்ச்சி. ஆழ்திசுக் காயம் எனக் கருதப்படுகிறது.
>
> தலையின் பின்பக்கம், இரு காது, தோள்பட்டை, முழங்கை, இரு இடுப்பு, வலது குதிகால், மூக்கு ஓரம், கதீட்டர் படும் தொடை: தோல் நலம்.
>
> பிரேடன் மதிப்பெண் 10. டூட்டி டாக்டருக்கு இரவு 12.05க்குத் தெரிவிக்கப்பட்டது, வந்து பார்த்தார்.

கடைசிக்கு முந்தைய பத்தியை அலட்சியமாக விட்டுவிடுபவர்கள் அதிகம். புண் இல்லாத இடங்களைப் பெயர் சொல்லி எழுதினால்தான், புண் இருந்த இரண்டு இடத்தையும் நிஜமாகவே தேடிக் கண்டுபிடித்தோம் என்பது தெரியும். நாளைக்கு வலது குதிகாலில் புண் வந்தால் அது நம்முடையது என்பதையும் அதே வரி சொல்லும். நேர்மையான பதிவு இரண்டு பக்கமும் வெட்டும். அதனால்தான் அதை நம்புகிறார்கள்.

பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என்ற ஆறையும் கூட்டி 6 முதல் 23 வரை தரும். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். 10 முதல் 12 வரை அதிக ஆபத்து. இவருக்கு உணர்வு 2, ஈரம் 2, நடமாட்டம் 1, அசைவு 2, உணவு 2, உராய்வு 1. கூட்டினால் 10. இந்த மதிப்பெண்ணுக்கு அடியிலேயே காற்று மெத்தை, திருப்பிப் படுக்க வைக்கும் நேரம், குதிகாலுக்கு அடியில் தாங்கல் ஆகியவற்றைத் தொடங்கிய மணியையும் எழுதிவிடுங்கள். ஆபத்து என்று எழுதிவிட்டு எதுவும் செய்யாமல் இருந்தால், அந்தப் பதிவே நமக்கு எதிரான சாட்சியாகும்.

குதிகால் ஏன் முக்கியம்

இந்தக் கேஸில் வழக்கு வரக்கூடிய இடம் முதுகுப் புண் இல்லை. அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆபத்து, தோல் கிழியாத அந்தக் குதிகால் திட்டில்தான் இருக்கிறது.

ஆழ்திசுக் காயத்தில் சேதம் எலும்பை ஒட்டிய சதையில் முதலில் நடக்கிறது. தோலின் நிறம் மாறித் தெரிவதற்கு, அழுத்தம் நேர்ந்த நேரத்திலிருந்து 48 முதல் 72 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குப்பின் அது மளமளவென்று மாறும். நம் நோயாளியின் குதிகாலில் இரண்டாம் நாள் ரத்தம் கலந்த கொப்புளம் வரலாம். அது உடைந்து, ஒரு வாரத்தில் கறுத்த பொருக்கு மூடிய புண்ணாகலாம். எவ்வளவு நல்ல கவனிப்பு இருந்தாலும் இது நடக்கலாம், ஏனென்றால் உள்ளே சதை முன்பே செத்துவிட்டது. முதல் இரவில் அந்தத் திட்டை யாரும் எழுதவில்லை என்றால், மருமகளின் கண்ணில் அது நம்மிடம் வந்தபின் உண்டான புண். அவர் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

ஆகவே இரண்டாம் நாள் கொப்புளத்தைப் பார்த்ததும் 'புதிய புண்' என்று எழுதாதீர்கள். 'சேர்க்கையின்போது இரவு 11.45க்குப் பதிவான இடது குதிகால் ஆழ்திசுக் காயம் இப்போது கொப்புளமாக மாறியுள்ளது, 2.8 × 2.2 செ.மீ.' என்று முதல் பதிவோடு இணைத்து எழுதுங்கள்.

வந்த நாளில் தோல் நன்றாக இருந்து, இரண்டாம் நாள் வேறோர் இடத்தில் ஊதாத் திட்டு தெரிந்தால் என்ன செய்வது? 48 மணி நேரக் கணக்கை வைத்து அது முந்தைய இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று மருத்துவர் கருதினால், எதனால் அப்படிக் கருதுகிறார் என்ற காரணத்தோடு அவர் கையாலேயே எழுதட்டும். ஐந்தாம் நாள் முதன்முதலாகத் தெரிந்த திட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அது நம்முடையது, சம்பவ அறிக்கை எழுதி, காரணத்தைத் தேட வேண்டியதுதான்.

படம் எடுப்பது

ஒவ்வொரு புண்ணுக்கும் இரண்டு படம் போதும். ஒன்று சற்றுத் தள்ளி நின்று, உடலில் எந்த இடம் என்பது தெரியும்படி. மற்றொன்று நேர் மேலிருந்து, புண் சட்டம் நிறைய, பக்கத்தில் காகித அளவுகோலோடு. அளவுகோலிலேயே நோயாளி எண், தேதி, மணி, உடலின் இடம் நான்கையும் எழுதிவிடுங்கள். முகமும் அந்தரங்க உறுப்பும் தெரியக் கூடாது. எடுப்பதற்குமுன் நோயாளியிடமோ உறவினரிடமோ ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள்.

சொந்த செல்போனில் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது பல வார்டுகளில் நடக்கிறது. நோயாளியின் அந்தரங்கம் போவது ஒரு பக்கம். வாட்ஸ்ஆப் வழியாகப் போன படம் சுருங்கி, எடுத்த நேரத்தின் விவரமும் இழந்து விடுகிறது என்பது இன்னொரு பக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க அதற்குரிய சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது, யார் பொறுப்பில் இருந்தது என்று சொல்ல முடிந்தால்தான் அந்தச் சான்றிதழைத் தர முடியும். வார்டுக்கென்று ஒரு கருவி வைத்து, மூலக் கோப்பை மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் சேர்த்துவிடுங்கள். படம் எழுத்துக்குத் துணைதான். ஆழமும் சூடும் கொழகொழப்பும் படத்தில் தெரியாது.

உறவினரிடம் சொல்வது

அளந்து முடித்ததும் உறவினரை உள்ளே கூப்பிட்டுக் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் நோயாளியின் மருமகளிடம் பேச்சு இப்படிப் போகலாம்:

"அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க. முதுகுக்குக் கீழே இந்தப் புண் இருக்கு. குதிகால்ல தோல் கறுத்திருக்கு. இது ரெண்டு நாள்ல கொப்புளமாகலாம், உடையவும் செய்யலாம். நாங்க மெத்தை போட்டு, திருப்பிப் படுக்கவெச்சுப் பாத்துக்கிறோம்."

"முதுகுல இருக்கறது தெரியும் சிஸ்டர். அங்க நாலாம் நாளே டிரெஸ்ஸிங் போட்டாங்க. கால்ல இருக்கறத இப்பத்தான் பாக்குறேன்."

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, கீழே அவருடைய கையெழுத்தையோ கைரேகையையோ வாங்குங்கள். 'முந்தைய மருத்துவமனையின் கவனக்குறைவால்' என்று ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். அங்கே என்ன நடந்தது என்று நாம் பார்க்கவில்லை. அவர்கள் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் புண் பற்றி இருந்தால் நகல் எடுத்து இணையுங்கள். இல்லாவிட்டால் 'உடன் வந்த காகிதத்தில் தோல் பற்றிக் குறிப்பு இல்லை' என்பதோடு நிறுத்துங்கள். வீட்டிலிருந்து வந்தவர் என்றால் குடும்பத்தார் தங்களைக் குற்றம் சொல்வதாக நினைத்துச் சுருங்கிப்போவார்கள். புண் எப்போதிலிருந்து இருக்கிறது, எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பினீர்கள் என்று விசாரணைபோல அடுக்காமல், வீட்டில் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

பின்தேதி போடாதீர்கள்

பரபரப்பான இரவில் பார்க்கத் தவறி, மறுநாள் காலை 9 மணிக்குப் புண்ணைக் கண்டால், நேற்றிரவு 11.45 என்று எழுதும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. கணினிப் பதிவில் உள்ளிட்ட நேரம் தானாகவே பதிந்துவிடும். தாளிலும் மேலே கீழே உள்ள வரிகளின் மணிகள் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பொய் நேரம் பிடிபட்டால் கேஸ் ஷீட்டின் மற்ற உண்மை எல்லாம் சேர்ந்து விழும்.

'தாமதப் பதிவு' என்று தலைப்பிட்டு, கண்ட நேரத்தை உள்ளபடி எழுதுங்கள். பிறகு புண்ணின் வயதைப் புண்ணே சொல்லட்டும். ஆழமான குடைவு, ஒட்டிய மஞ்சள் கழிவு, சுருண்டு தடித்த ஓரம், காய்ந்த கறுப்புப் பொருக்கு போன்றவை 10 மணி நேரத்தில் உண்டாகக் கூடியவை அல்ல. அவற்றை விவரித்து எழுதினால், இந்தப் புண் சேர்க்கைக்கு முந்தையது என்ற முடிவை மருத்துவர் காரணத்தோடு எழுத முடியும். அதே 10 மணி நேரத்தில் முதல் நிலைச் சிவப்போ மேல்தோல் உரிவோ புதிதாக உண்டாகலாம். அங்கே அப்படி வாதாட முடியாது.

வெளியே அனுப்பும்போது

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு காக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் அந்த வேலையைப் பாதி முடித்தே அனுப்பலாம். கிளம்பும் காலையில் இரண்டு புண்ணையும் மறுபடி அதே பக்கம் திருப்பி வைத்து அளந்து, சேர்க்கை நாள் அளவையும் இன்றைய அளவையும் அடுத்தடுத்து டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுங்கள். வீட்டுக்குப் போகிறவர் என்றால், 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் செவிலியரிடம் இந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். வேறொரு மருத்துவமனைக்குப் போகிறவர் என்றால், அங்கே இரவு டூட்டியில் இருக்கும் சிஸ்டர் எழுதப்போகும் முதல் பதிவுக்கு இந்தத் தாள்தான் சான்று. நம்மிடம் வரும்போது எந்தக் காகிதத்தைத் தேடினோமோ, அதை எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டியதும் நம் வேலைதான்.